மேட்டுப்பாளையம் மொத்த வியாபாரிக்கு மாமா எழுதிய கடிதமும் மாற்றி எழுதியதும்

மாமா,

நீங்கள் ராத்திரி எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நடந்தது எதையும் விடவில்லை. திட்டியதை மட்டும் எடுத்துவிட்டேன்.

வனஸ்பதி டின்னில் இருந்த ஸ்டிக்கரை அந்த மொத்த வியாபாரிதான் ஒட்டினார் என்பதை நாம் பார்க்கவில்லை. பார்த்தது ஸ்டிக்கரும் அதன் கீழே இருந்த தேதியும்தான். அதனால் அதை மட்டும் சொல்லி, பதிலை அவரிடமே கேட்டிருக்கிறேன். "ஒத்தப் பைசா தரமாட்டேன்" என்பதையும் எடுத்துவிட்டேன். பதினாலு மூட்டை மாவும் எட்டு டின்னும் நல்லபடியாக அடுப்புக்குப் போயிருக்கின்றன. அதற்குரிய பணத்தை நாம் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுப்பதாக எழுதினால்தான் மற்றதை அழுத்திக் கேட்க முடியும்.

எடை போட்ட துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். சலான் பின்பக்கத்தில் டிரைவரிடம் கையெழுத்து வாங்கினீர்களே, அதுதான் நம் பெரிய பலம். படித்துப் பார்த்துச் சரி என்றால் இன்றைக்கே பதிவுத் தபாலில் போட்டுவிடலாம்.

மாமா எழுதியது

ஐயா,

உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா? தீபாவளி நேரத்தில் இப்படிக் கழுத்தறுப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் உங்கள் கடை வாசலை மிதித்திருக்க மாட்டேன். 6ஆம் தேதி ஆர்டர் போட்டு 30,000 அட்வான்ஸும் கட்டினேன். 9ஆம் தேதி சரக்கு வரும் என்றீர்கள். வந்தது 13ஆம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு! 20 மூட்டை மைதாவில் ஆறு மூட்டை சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கிறது. கேட்டால் பர்லியார் தாண்டியதும் மழை பிடித்தது, தார்ப்பாய் கிழிசல் என்கிறார் உங்கள் டிரைவர். கிழிந்த தார்ப்பாயோடு மலை ஏற்றுகிறவன் வியாபாரியா? மிச்ச மூட்டையிலும் அஞ்சு மூட்டை எடை குறைவு, மொத்தம் 13 கிலோ திருட்டு. மறுநாள் காலையில் வனஸ்பதி டின்னைத் திறந்தால் காறல் வாடை குடலைப் புரட்டுகிறது. 12 டின்னில் நாலு ஆகஸ்டோடு காலாவதி! அதில் ஒன்றில் தேதி மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றியிருக்கிறீர்கள். அதை வர்க்கியில் போட்டு நான் ஜெயிலுக்குப் போகவா? 14ஆம் தேதி போன் பண்ணினால் எடுக்கவில்லை. 15ஆம் தேதி பேசிக்கொண்டிருக்கும்போதே கட் பண்ணினீர்கள். குன்னூர் மார்க்கெட்டில் மூட்டை 2,080க்கும் டின் 2,400க்கும் வாங்கிச் சமாளித்தேன். ஊட்டியில் இரண்டு கடைக்காரர்கள் 40 கிலோ ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். மீதி 35,000இல் ஒத்தப் பைசா தரமாட்டேன். உங்கள் பெயரை நீலகிரி முழுக்க நாறடிப்பேன்.

அனுப்ப வேண்டியது

குன்னூர்
17.10.2025

அனுப்புநர்:
உரிமையாளர்,
வர்க்கி பேக்கரி,
பெட்ஃபோர்டு, குன்னூர்.

பெறுநர்:
விற்பனை மேலாளர் அவர்கள்,
மளிகை மொத்த விற்பனை நிலையம்,
மேட்டுப்பாளையம்.

பொருள்: 13.10.2025 அன்று வந்த மைதா, வனஸ்பதி சரக்கில் உள்ள குறைகள். ஏற்க இயலாத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் கிரெடிட் நோட் தருவதும் குறித்து.

ஐயா,

06.10.2025 அன்று 50 கிலோ மைதா 20 மூட்டையும் (மூட்டை ரூ.1,900), 15 கிலோ வனஸ்பதி 12 டின்னும் (டின் ரூ.2,250) ஆர்டர் கொடுத்தோம். பில் தொகை வரி உட்பட ரூ.65,000. அன்றே ரூ.30,000 முன்பணம் செலுத்தினோம். 09.10.2025க்குள் சரக்கு வரும் என்று உறுதி அளித்தீர்கள். நான்கு நாள் தாமதமாக, 13.10.2025 மாலை 6.30 மணிக்கு வந்தது.

இறக்கும்போதே 6 மூட்டை மைதா முழுவதும் நனைந்திருந்தது. பர்லியார் தாண்டிய பிறகு மழை பெய்ததாகவும் தார்ப்பாய் கிழிந்திருந்ததாகவும் உங்கள் ஓட்டுநர் தெரிவித்தார். "6 மூட்டை ஈரம்" என்று டெலிவரி சலானின் பின்பக்கம் எழுதி, அவரும் நாங்களும் கையெழுத்திட்டோம். மறுநாள் அந்த மூட்டைகளைப் பிரித்தபோது உள்ளே மாவு கட்டிதட்டிப் போயிருந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியைத்தான் எங்கள் அடுப்பில் போடுகிறோம். அடுக்கடுக்காகப் பொரிய வேண்டிய அந்தப் பண்டத்துக்கு இந்த மாவு உதவாது.

மீதி 14 மூட்டைகளையும் எடை போட்டோம். அவற்றில் 5 மூட்டைகளில் மொத்தம் 13 கிலோ குறைவாக இருந்தது.

14.10.2025 காலை வனஸ்பதி டின்னைத் திறந்தபோது காறல் வாடை வந்தது. எல்லா டின்களையும் சரிபார்த்தோம். 4 டின்களின் பயன்பாட்டுக் காலம் ஆகஸ்ட் 2025உடன் முடிந்திருக்கிறது. அவற்றுள் ஒன்றில் தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது; அதை உரித்தபோதுதான் அச்சிட்ட தேதி தெரிந்தது. இது எப்படி நேர்ந்தது என்று எழுத்து மூலம் விளக்கம் தரக் கேட்டுக்கொள்கிறோம். மக்கள் வாயில் போடும் பண்டத்தில் இந்த வனஸ்பதியைச் சேர்க்க எங்களால் முடியாது.

14.10.2025 அன்று தொலைபேசியில் அழைத்தோம், பதில் இல்லை. 15.10.2025 அன்று பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு துண்டிக்கப்பட்டது. இன்றுவரை நீங்கள் திரும்ப அழைக்கவில்லை.

தீபாவளி ஆர்டர்களுக்காக 6 மூட்டை மைதாவை ரூ.2,080 வீதமும் 4 டின் வனஸ்பதியை ரூ.2,400 வீதமும் குன்னூர் மார்க்கெட்டில் வாங்கினோம். அப்படியும் உதகையில் இரண்டு கடைகள் 40 கிலோ ஆர்டரை ரத்து செய்தன. அந்த இழப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கு:
நனைந்த மைதா 6 மூட்டை: ரூ.11,400
எடைக் குறைவு 13 கிலோ (கிலோ ரூ.38): ரூ.494
காலாவதியான வனஸ்பதி 4 டின்: ரூ.9,000
மாற்றுச் சரக்கு வாங்கிய கூடுதல் செலவு: ரூ.1,680
மொத்தம்: ரூ.22,574

இந்த 6 மூட்டைகளையும் 4 டின்களையும் நாங்கள் ஏற்கவில்லை என்பதை இக்கடிதத்தின் மூலம் தெரிவிக்கிறோம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 43ஆம் பிரிவின்படி, உரிமையோடு மறுத்த சரக்கைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு வாங்கியவருக்கு இல்லை. மறுத்ததைத் தெரிவித்தாலே போதும். சரக்கு தனியே, ஈரம் படாத இடத்தில் இருக்கிறது. 24.10.2025க்குள் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் உங்கள் ஆள் வந்து பார்க்க விரும்பினால் காலை 10 மணிக்கு மேல் வரலாம்.

மேற்கண்ட தொகைக்கு 31.10.2025க்குள் கிரெடிட் நோட் அனுப்புங்கள். முன்பணமும் இத்தொகையும் போக உங்களுக்குச் சேர வேண்டிய ரூ.12,426ஐ, கிரெடிட் நோட் கிடைத்த மூன்று நாட்களுக்குள் வங்கி மூலம் செலுத்திவிடுவோம். 31.10.2025க்குள் பதில் வராவிட்டால், காலாவதியான டின்கள் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் அளிப்போம். தொகை தொடர்பாக வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புவோம்.

இணைப்பு: பில் நகல், இருபக்கமும் எடுத்த டெலிவரி சலான் நகல், எடைச் சீட்டு, மூட்டைகளும் டின் மூடிகளும் தெரியும் படங்கள், குன்னூரில் வாங்கிய சரக்கின் பில்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
வர்க்கி பேக்கரி, குன்னூர்.