பதினாலு நேர்காணல்கள்

நேற்று மாலை பதினாலாவது பதிலும் வந்தது. "தங்கள் விண்ணப்பத்தை இம்முறை பரிசீலிக்க இயலவில்லை." கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு படித்தேன். படித்துவிட்டு அம்மா சொல்லியிருந்த அரைக்கிலோ ரவையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

நான் பி.காம். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டரை வருஷம் கணக்கு எழுதினேன். அது மூடி பதினாறு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் இந்தப் பதினாலு. ஒன்பது கோயமுத்தூரில், மூன்று மேட்டுப்பாளையத்தில், ஒன்று திருப்பூரில், ஒன்று ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில்.

கீழே போகிற நாள் நாலு மணிக்கே எழுந்துவிடுவேன். முதல் பஸ்ஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறினால் குஞ்சப்பனை தாண்டியதும் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றிய ஸ்வெட்டரை வைக்க இடம் கிடையாது. ஃபைல் இருக்கிற பையில் திணித்தால் சர்டிபிகேட் மடங்கிவிடும். அதனால் மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன். நேர்காணல் அறையிலும் அது மடியில்தான் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு தடவை அதைப் பார்ப்பார். பிறகு பயோடேட்டாவில் முகவரியைப் பார்ப்பார். "கோத்தகிரியா? தினமும் வந்து போவீங்களா?" ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன் என்று பதினாலு இடத்திலும் ஒரே மாதிரி சொன்னேன். சில இடத்தில் அதோடு கேள்வி முடிந்தது. சில இடத்தில் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி தப்பு. அதைக் கேட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் மத்தியானம் ஆகிவிட்டதே, சாப்பிட்டுவிட்டுப் போம்மா என்று கேன்டீன் டோக்கன் கொடுத்தார்.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஊர், என்ன கேட்டார்கள், எது தெரியவில்லை என்று எழுதுவேன். அவமானமாக இருந்தது, அழுதேன் என்பதையெல்லாம் ஆரம்பத்தில் எழுதினேன். ஆறாவதுக்கு அப்புறம் எழுதவில்லை. வலி போய்விட்டது என்று அர்த்தமில்லை. திரும்பிப் படிக்கும்போது அந்த வரிகளில் எனக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

எடுத்துக்கொள்ள இருந்தது எட்டாவது பக்கத்தில். எவ்வளவு டர்னோவருக்கு மேல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்று கேட்டார்கள். பத்து கோடி என்று தயங்காமல் சொன்னேன். 2023 ஆகஸ்ட் 1 முதல் அது ஐந்து கோடி. நான் படித்து மனதில் வைத்திருந்தது பழைய கணக்கு. அந்த வேலை எனக்குக் கிடைக்காதது நியாயம். அன்றைக்கே அதை நோட்டில் எழுதினேன், எழுதும்போது கை நடுங்கியது. அப்புறம் ஒரு மாதம் உட்கார்ந்து நமக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டியில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யையும் நம் கொள்முதல் பதிவேட்டையும் எக்ஸெலில் ஒப்பிட்டுப் பழகினேன். பதினோராவது இடத்தில் அதையே செய்து காட்டச் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் முடித்தேன், விடுபட்டிருந்த இரண்டு பில்லையும் கண்டுபிடித்தேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை. துணிந்து போன் செய்து காரணம் கேட்டேன். "உங்க மேல ஒண்ணும் குறை இல்லம்மா, உள்ளயே இருந்த ஒருத்தரைப் போட்டுட்டோம்" என்றார்கள்.

எட்டாவதும் பதினொன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான், இரண்டுமே "இல்லை". எனக்கு இரண்டும் ஒன்று இல்லை. எட்டாவதில் எனக்குத் தெரியவில்லை. பதினொன்றில் தெரிந்திருந்தது. மற்ற பன்னிரண்டில் காரணம் என்ன என்று யாரும் சொல்லவில்லை. நானாக ஒரு காரணம் கற்பித்து என்னையோ அவர்களையோ திட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

எல்லாம் நல்லதுக்குத்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அவர் மனசு எனக்குத் தெரியும், தலையாட்டிவிடுவேன். ஆனால் பதினாறு மாதம் சம்பளம் இல்லாததில் என்ன நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியின் இரண்டாம் வருஷ ஃபீஸை அம்மா மகளிர் குழுக் கடனில் கட்டினார்.

அம்மா தோட்டத்தில் இலை பறிக்கிறவர். நேற்று மழை. எடை போட்ட இடத்தில் ஈரத்துக்குக் கழித்திருக்கிறார்கள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் இடுக்கில் இருந்த கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ரவையை வைத்தேன்.

"வரலியா?"

"வரலம்மா."

"சரி. உப்புமாவுக்கு வெங்காயம் அரி."

அரிந்தேன். சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுத்துப் பதினாலாவது பக்கத்தில் எழுதினேன்: மேட்டுப்பாளையம். டிடிஎஸ் பற்றி மூன்று கேள்வி, மூன்றும் தெரிந்தது. காரணம் சொல்லவில்லை.