பெரிய டீச்சர் நினைவுக் கல்வெட்டு

முன்பக்கம்

எங்கள் பெரிய டீச்சர்

தோற்றம்: 14.4.1946
மறைவு: 9.8.2023

சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு
33 ஆண்டுகள் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்.
எந்தப் பிள்ளையையும் "இது தேறாது" என்று
ஒருநாளும் சொல்லாதவர்.

பின்பக்கம்

பள்ளிப் பதிவேட்டில் டீச்சருக்கு வேறு பெயர் உண்டு. மலையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் இந்தக் கல்லிலும் நாங்கள் கூப்பிட்ட பெயரையே வெட்டியிருக்கிறோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவர். 1971 ஜூனில் இந்தப் பள்ளிக்கு வந்தார். அப்போது இது ஓடு போட்ட ஒரே அறை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். மாற்றல் வாங்கிக் கீழே போக வாய்ப்பு வந்தும் போகவில்லை. 2004-ல் ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்தார்.

கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கினால் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டோம். அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போய்விடுவோம். அதற்காக டீச்சர் எங்களை அடித்ததில்லை, வீட்டாரைக் குறை சொன்னதும் இல்லை. கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் என்று அவருக்குத் தெரியும். பழம் எடை போட்டு முடிந்து நாங்கள் திரும்பும் நேரத்துக்கு லைன் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருப்பார். பழப்பால் ஒட்டிய விரலோடுதான் சிலேட்டைப் பிடிப்போம். அன்று பறித்ததையே கணக்காகப் போடச் சொல்வார்: இத்தனை கிலோ, கிலோவுக்கு இத்தனை காசு, அம்மா கைக்கு எவ்வளவு வரவேண்டும்? அதற்கப்புறம் எங்கள் வீடுகளில் கூலிக் கணக்கு தப்பியதில்லை.

மூடுபனி வகுப்புக்குள் வந்து பலகை நனைந்துவிட்டால் சாக்பீஸ் எழுதாது. முந்தானையால் துடைத்துத் துடைத்து எழுதுவார்.

மேலே படிக்கச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது எங்கள் அப்பாக்களுக்கு எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. டீச்சர் தன் கையால் விண்ணப்பம் எழுதி, 20 கொண்டை ஊசி வளைவும் எங்களோடு பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் பொழுது சாயும்வரை காத்திருந்து கையெழுத்து வாங்கித் தந்தார். பஸ் செலவை யாரிடமும் வாங்கவில்லை. இந்த மலையிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவர்கள் அந்தக் காகிதத்தோடு போனவர்கள்தான். அவர்களில் நர்ஸ் இருக்கிறார், பஸ் ஓட்டுநர் இருக்கிறார், இதே பள்ளியில் இப்போது பாடம் நடத்தும் ஆசிரியையும் இருக்கிறார்.

பக்கத்தில் நிற்கும் சில்வர் ஓக் டீச்சர் வைத்த மரம். அதை யாரும் வெட்ட வேண்டாம்.

கல் எடுத்தோர்: பெரிய டீச்சரிடம் படித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். பறிப்புக் கூலியிலும் மாதச் சம்பளத்திலும் ஒதுக்கிய காசில் வைத்தது.

ஏற்காடு, தை மாதம், 2024