அழைப்புச் சுருக்கம்: பென்னாகரம் வட்டம், குடும்ப அட்டையும் கைரேகையும்

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை காலை வந்த அழைப்பு. நீளம் 11 நிமிடம் 40 நொடி. அழைத்தவர் பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த 67 வயதுப் பெண்மணி. இதை அவருடைய மருமகள் வாசித்துச் சொல்வதாகக் கூறியிருப்பதால், அவரிடமே பேசுவதுபோல எழுதியிருக்கிறேன்.

அம்மா, நீங்கள் சொன்னது இதுதான். குடும்பத் தலைவராக இருந்த உங்கள் கணவர் மே மாதம் காலமானார். அவர் பெயர் இன்னும் அட்டையில் இருக்கிறது. அட்டையில் பதிந்திருப்பதும் அவருடைய கைப்பேசி எண்தான், அந்த சிம் இப்போது இயங்கவில்லை. "புளி தட்டித் தட்டி ரேகையே தேஞ்சு போச்சுங்க" என்று நான்காம் நிமிடத்தில் சொன்னீர்கள். கடையில் உங்கள் கட்டைவிரலைக் கருவி ஏற்காததால் ஆகஸ்ட் மாத அரிசி கிடைக்கவில்லை. அட்டையில் உள்ள மற்றொருவரான பேரன் ஓசூரில் வேலை செய்கிறார்.

அழைப்பில் சொல்லப்பட்ட வழிகள் முன்பின்னாக வந்தன. பதிவை இரண்டு முறை கேட்டு, எதை முதலில் செய்தால் மற்றது தடைபடாதோ அந்த வரிசையில் அவற்றை மாற்றி வைத்திருக்கிறேன்.

முதல் வேலை இந்த மாத அரிசியை வாங்குவது. ஒரு மாதம் வாங்காமல் விட்டதை அடுத்த மாதம் சேர்த்துக் கேட்க முடியாது என்பதால், செப்டம்பர் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கட்டைவிரல் மட்டும்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லி விற்பனையாளரிடம் கேளுங்கள். கடையில் கருவிழி பதியும் கருவி இருந்தால் அதையும் கேளுங்கள். எதுவும் ஆகவில்லையென்றால், பேரன் ஊருக்கு வரும் நாளில் அவர் விரல் வைத்தாலே பொருள் தருவார்கள்.

இரண்டாவது, கைப்பேசி எண்ணை மாற்றுவது. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் பெயர் நீக்கம், தலைவர் மாற்றம் இரண்டுக்கும் ஓடிபி அட்டையில் பதிந்த எண்ணுக்கே போகும். பழைய எண் இருக்கும்வரை விண்ணப்பம் பாதியிலேயே நின்றுவிடும். குடும்ப அட்டை, உங்கள் ஆதார் ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துக்கொண்டு, வீட்டில் எப்போதும் உங்கள் கையில் இருக்கும் எண்ணை எழுதிய மனுவுடன் பென்னாகரம் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் வட்டந்தோறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடைபெறுவது வழக்கம். இம்மாதம் அது 13ஆம் தேதி வருகிறது. முகாம் எந்த ஊரில் என்பது மாதாமாதம் மாறும் என்பதால், முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் இராது.

மூன்றாவது, இறப்புச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலரிடம் அப்போதே பதிந்துவிட்டதாகவும், சான்றிதழை மட்டும் வாங்கவில்லை என்றும் சொன்னீர்கள். அப்படியானால் அவரிடமே கேட்கலாம், அல்லது இ-சேவை மையத்தில் crstn.org தளத்திலிருந்து எடுத்துத் தரச் சொல்லலாம். அதில் கணவரின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று மருமகளை எழுத்து எழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, அதே இ-சேவை மையத்தில் tnpds.gov.in வழியாகக் குடும்பத் தலைவரை உங்கள் பெயருக்கு மாற்றவும் கணவரின் பெயரை நீக்கவும் விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றிதழும் உங்கள் புகைப்படமும் தேவைப்படும். விண்ணப்ப எண் உள்ள ரசீதை வாங்காமல் எழுந்து வரவேண்டாம்.

பெயரை நீக்கினால் அரிசி குறைந்துவிடும் என்ற பயத்தில்தான் இத்தனை மாதம் தள்ளிப்போட்டதாகச் சொன்னீர்கள். உங்கள் அட்டையில் PHH-AAY என்று அச்சிட்டிருப்பதாக மருமகள் வாசித்துக் காட்டினார். அந்த வகைக்கு அரிசி ஆள் கணக்கில் அல்ல, அட்டைக்கு 35 கிலோ என்றே வழங்கப்படுகிறது. ஆகவே கணவரின் பெயரை நீக்குவதால் அந்த 35 கிலோ குறையாது. இதை அழைப்பில் தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கிறோம், அதற்காக வருந்துகிறேன்.

விதவை உதவித்தொகை பற்றியும் கேட்டீர்கள். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை ஏற்கெனவே பெறுவதால், அதனுடன் இன்னொன்றைச் சேர்த்துப் பெற இயலாது.

கைரேகைக்கு நிலையான தீர்வு, ஆதார் சேவை மையத்தில் விரல் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிவதே. தட்டும் வேலை இல்லாத நாட்களாகப் பார்த்து, கை சற்று ஆறிய பிறகு சென்றால் ரேகை பதிய வாய்ப்பு அதிகம். அதன் பின்னும் ஏற்கவில்லையென்றால், உங்களுக்குப் பதிலாக மருமகள் பொருள் வாங்க அங்கீகாரம் கோரும் படிவத்தைக் கடையிலேயே கேட்டு, வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுங்கள்.

விண்ணப்பித்து ஒரு மாதமாகியும் அட்டையில் மாற்றம் தெரியாவிட்டால், விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1967 என்ற எண்ணுக்கு அழையுங்கள். திங்கட்கிழமைகளில் தருமபுரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுக்கலாம்.