படுக்கை 14: இரவுப் பணிக் குறிப்பு, எஸ்.பி.ஏ.ஆர் வரிசையில்

இரவுச் செவிலியர் எழுதியது, எழுதியபடியே:

"பெட் 14, ஆண், 71 வயசு, 62 கிலோ. நைட் 10 மணிக்கு இனாக்ஸாபரின் 40 மி.கி. தோலடியில போட்டாச்சு. சாப்பாடு பாதிதான் சாப்பிட்டார். வலி 3/10. டிரெஸ்ஸிங் காய்ஞ்சிருக்கு. 4 மணிக்குப் பார்த்தா உடம்பு சுட்டது, 38.6. பல்ஸ் 112, பி.பி. 102/60, மூச்சு 24, ஆக்ஸிஜன் 91. மூக்குக் குழாயில 2 லிட்டர் வெச்சதும் 95. 'இது எந்த இடம்'னு கேட்டார், நேத்து தெளிவா இருந்தார். 4.20-க்கு டூட்டி டாக்டருக்குச் சொன்னேன், 4.35-க்கு வந்தார். வலது பக்கம் கீழே கரகர சத்தம்னார். பிளட் கல்ச்சர், சி.பி.சி., லாக்டேட் அனுப்பியாச்சு, ரிசல்ட் வரலை. பாராசிட்டமால் 1 கிராம் ஐ.வி., சலைன் 500 போட்டாச்சு. 6 மணிக்கு 37.9, பல்ஸ் 100, பி.பி. 110/64. எக்ஸ்ரே எடுக்கலை. ஆன்டிபயாட்டிக் எழுதலை. பென்சிலின் அலர்ஜி, தடிப்பு வரும். யூரின் 5 மணிலேருந்து மணிக்கு 20 மி.லி. தான். சுகர் 264, இன்சுலின் 6 யூனிட் போட்டேன். இடது கை கேனுலா லேசா சிவந்திருக்கு, ஆபரேஷன் அன்னிக்குப் போட்டது. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு 2-ம் நாள். பி.பி., சுகர் உண்டு, மெட்ஃபார்மின் நிறுத்தியிருக்கு. அம்லோடிபின் காலைல கேட்டுட்டு. 10-க்கு பிசியோ. பொண்ணு 9-க்கு வருவாங்க, டாக்டரைப் பார்க்கணுமாம். காது மெஷின் டிராயரில். நெஞ்சில இன்ஃபெக்ஷனோன்னு தோணுது."

மாற்றி எழுதியது கீழே. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவையும், பரிந்துரையில் செய்யச் சொல்லும் வேலைகளும் என் சேர்க்கை.

சூழ்நிலை
படுக்கை 14, 71 வயது ஆண். அதிகாலை 4 மணிக்குப் புதிதாகக் காய்ச்சல், மூச்சு வேகம், குழப்பம். வெப்பம் 38.6, பல்ஸ் 112, பி.பி. 102/60, மூச்சு 24, ஆக்ஸிஜன் 91. மூக்குக் குழாயில் 2 லிட்டர் வைத்ததும் 95. "இது எந்த இடம்" என்று கேட்டார். நேற்று தெளிவாக இருந்தவர். ஆன்டிபயாட்டிக் இன்னும் எழுதப்படவில்லை.

பின்னணி
பென்சிலின் அலர்ஜி, தடிப்பு வரும். [குறிப்பில் இது நடுவில் கிடந்தது, மேலே கொண்டுவந்திருக்கிறேன்.] இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து 2-ம் நாள். எடை 62 கிலோ. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உண்டு, மெட்ஃபார்மின் நிறுத்தப்பட்டுள்ளது. காது மெஷின் பயன்படுத்துபவர், அது டிராயரில் இருக்கிறது. இரவு 10 மணிக்கு இனாக்ஸாபரின் 40 மி.கி. தோலடியில் போடப்பட்டது. உணவு பாதிதான் சாப்பிட்டார்.

4.20-க்கு டூட்டி டாக்டருக்குத் தகவல், 4.35-க்கு வந்து பார்த்தார். பிளட் கல்ச்சர், சி.பி.சி., லாக்டேட் அனுப்பப்பட்டன. பாராசிட்டமால் 1 கிராம் ஐ.வி., சலைன் 500 மி.லி. கொடுக்கப்பட்டன. சுகர் 264, இன்சுலின் 6 யூனிட் போடப்பட்டது. [சுகர் பார்த்ததற்கும் இன்சுலின் போட்டதற்கும் நேரம் எழுதப்படவில்லை. நானாக ஊகித்து எதையும் போடவில்லை.] ஐ.வி. கேனுலா இடது கையில், அறுவை சிகிச்சை அன்று போட்டது.

மதிப்பீடு
நெஞ்சில் இன்ஃபெக்ஷனாக இருக்கலாம் என்பது செவிலியரின் சந்தேகம். வலது பக்கம் கீழே கரகர சத்தம் கேட்டதாக டாக்டர் சொன்னார். 6 மணிக்கு வெப்பம் 37.9, பல்ஸ் 100, பி.பி. 110/64. [பாராசிட்டமாலும் சலைனும் போன பிறகு எடுத்த அளவுகள் இவை. இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 6 மணிக்கு மூச்சும் ஆக்ஸிஜனும் எழுதப்படவில்லை.] யூரின் 5 மணியிலிருந்து மணிக்கு 20 மி.லி. அளவுதான். [62 கிலோவுக்குக் குறைந்தது 31 மி.லி. வர வேண்டும். சலைன் போட்டும் இவ்வளவுதான் என்பது கவலைக்குரியது.]

கேனுலா போட்ட இடம் லேசாகச் சிவந்திருக்கிறது. [காய்ச்சலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.] வலி 3/10, டிரெஸ்ஸிங் காய்ந்திருக்கிறது. [குழப்பம் வந்தபோது மெஷின் காதில் இருந்ததா என்று தெரியவில்லை. அதைப் போட்டுவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். ஆனால் இதைச் சாக்காக வைத்துக் குழப்பத்தை ஒதுக்கிவிடக் கூடாது.]

பரிந்துரை
பணி ஏற்றதும் எல்லா அளவுகளையும் மறுபடி எடுத்து, [ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல்] டாக்டரை அழைக்கவும். எக்ஸ்ரே எடுக்கப்படவில்லை, ரத்த ரிசல்ட் எதுவும் வரவில்லை, ஆன்டிபயாட்டிக் எழுதப்படவில்லை. மூன்றையும் ஒரே அழைப்பில் கேட்டுவிடவும், பென்சிலின் அலர்ஜியை வாய்விட்டுச் சொல்லவும். யூரின் குறைவையும் அப்போதே சொல்ல வேண்டும். கேனுலாவை மாற்றுவது பற்றியும் கேட்கவும்.

அம்லோடிபின் காலை டோஸ், டாக்டரைக் கேட்ட பிறகுதான். அடுத்த இன்சுலினுக்கு முன் சார்ட்டில் நேரம் பார்க்கவும், இல்லையென்றால் இரவுச் செவிலியரையே கேட்கவும். 10 மணி பிசியோதெரபி இன்று உண்டா என்று டாக்டரிடம் உறுதி செய்யவும். மகள் 9 மணிக்கு வருகிறார், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறார். நேரம் வாங்கி வைக்கவும்.