இந்தக் கிழமை வீட்டு வேலை

அக்காவுக்கும் தம்பிக்கும்,

போன கிழமை நான் கேட்காமலே கோப்பைகளைக் கழுவி வைத்திருந்தீர்கள். பஸ்ஸில் நெரிபட்டு வந்து குசினியைப் பார்த்ததும் களைப்பே போய்விட்டது. நன்றி, செல்லங்களே.

அக்கா: பின்னேரம் காய்ந்த உடுப்பு மடிப்பது. உன் மடிப்பு என்னுடையதை விட நேர்த்தி.

தம்பி: படுக்க முன் இரண்டு பேரின் சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலும் கதவடியில். வெள்ளைச் சப்பாத்துக்கு நீதான் பொறுப்பு!

ஞாயிறு காலை, இரண்டு பேரும்: பல்கனிப் பூச்சாடித் தட்டுகள். இதுதான் பெரிய வேலை. டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. தண்ணீர் பட்டால் ஒரு கிழமை அளவில் நுளம்பாகிவிடும். அதனால் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷால் நன்றாக உரஞ்சுங்கள். கீழ் வீட்டுப் பாப்பாவையும் சேர்த்துக் காப்பாற்றுகிறீர்கள்.

டியூஷன் பிந்தினாலோ பரீட்சை இருந்தாலோ சொல்லுங்கள், அன்றைக்கு அப்பா செய்வார். வேலை முடிந்ததும் நட்சத்திரத்தை நீங்களே ஒட்டுங்கள், நான் சரிபார்க்க மாட்டேன். ஒருநாள் விடுபட்டால் பரவாயில்லை, அடுத்த நாள் தொடருங்கள்.

ஞாயிறு பின்னேரம் எல்லோரும் காலிமுகத் திடலுக்குப் போகிறோம். பட்டத்தை எடுத்து வையுங்கள்.

அம்மா