நீர்நிலைச் சிறுநிதித் தேர்வுக் குழு: 14.06.2025 கூட்டக் குறிப்பு

இடம்: தல்லாகுளம், நம் அறக்கட்டளை அலுவலக மாடி. காலை 10.15க்குத் தொடங்கி மாலை 4.40க்கு முடிந்தது. ஐந்து உறுப்பினர்களும் வந்திருந்தார்கள்: தலைவர் (ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்), மேலூர் பக்கத்து விவசாயி, கணக்காளர் அக்கா, கல்லூரியில் புவியியல் நடத்தும் பேராசிரியர், மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர். குறிப்பு எழுதியது செயலாளராகிய நான், எனக்கு ஓட்டும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

இந்தத் தடவை கையில் இருப்பது 12,00,000 ரூபாய். மே 31 வரை ஒன்பது விண்ணப்பம் வந்தது. அதில் இரண்டை முதல் பார்வையிலேயே எடுத்து வைத்துவிட்டோம். எண் 4 (திருமங்கலம் பக்கம்) போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தக் கேட்டிருந்தார்கள், நிலத்தடியிலிருந்து உறிஞ்சுவதற்கு இந்த நிதி கிடையாது என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறோம். எண் 6-இல் கிராம சபைத் தீர்மானம் இல்லை, இரண்டு முறை போன் போட்டுக் கேட்டும் வரவில்லை. மீதி ஏழும் சேர்ந்து கேட்ட தொகை 21,40,000. எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பது உட்காரும்போதே தெரியும்.

யாருக்கு எதில் தொடர்பு

உறைகளைப் பிரிக்கும் முன்பே இதைக் கேட்டுவிட்டோம், போன வருடம் பாதியில் கேட்டதால் வந்த சங்கடம் இனி வேண்டாம் என்று.

விவசாய உறுப்பினர் எண் 1 தன் சொந்த ஊர் என்றும், கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் தன் பங்காளிகள் என்றும் சொன்னார். அந்த விண்ணப்பத்துக்கு அவர் மதிப்பெண் போடவில்லை, பேச்சு நடந்தபோதும் தொகை முடிவானபோதும் வெளியே இருந்தார்.

தலைவர், எண் 7-இல் இணைத்திருக்கும் ஜேசிபி வாடகை விலைப்புள்ளி தன் மருமகனுடைய வண்டிக்கானது என்றார். அவருக்கே அது கூட்டத்துக்கு முந்தின நாள் காகிதம் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. அவரும் எழுந்து போனார், அந்த நேரம் கணக்காளர் அக்கா தலைமை ஏற்றார்.

மகளிர் குழு ஒருங்கிணைப்பாளர், எண் 8-இல் உள்ள பெண்களுக்கு மூன்று வருடம் முன்பு தான் கணக்கு எழுதும் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னார். பணமோ உறவோ இல்லை, அதன் பிறகு தொடர்பும் இல்லை. அவர் மதிப்பெண் போடலாம் என்று மற்ற நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் போட்டது 79, சராசரியைவிடக் குறைவு.

பேராசிரியர் ஒரு கேள்வி எழுப்பினார், அது நியாயமான கேள்வி: தன் ஊர் போட்டியில் இருக்கும்போது விவசாய உறுப்பினர் மற்ற ஊர்களுக்கு மட்டும் எப்படி மதிப்பெண் போடலாம்? குறைத்துப் போட்டால் தன் ஊர் மேலே வந்துவிடுமே? அதனால் கடைசியில் அவர் மதிப்பெண்ணை மொத்தமாக நீக்கியும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தோம். வரிசை மாறவில்லை. எண் 7 மட்டும் 62-லிருந்து 59-க்கு இறங்கி, பரிந்துரைக்கான 60 என்ற வாசலுக்கு வெளியே போய்விட்டது. ஆனால் அவர் அந்த விண்ணப்பத்துக்குக் கூட்டித்தான் போட்டிருக்கிறார், தன் ஊருக்குச் சாதகமாக எதையும் குறைக்கவில்லை. ஆகவே அவர் மதிப்பெண் செல்லும், ஆனால் எண் 7-க்கு முழுத் தொகை வேண்டாம் என்று முடிவானது.

எதை வைத்துப் பார்த்தோம்

தண்ணீர் உண்மையிலேயே வந்து சேருமா (வரத்துக்கால், கரை, மடை நிலவரம்) 30. ஊர் தன் பங்காக என்ன போடுகிறது 25. வேலை முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் 20. செலவுக் கணக்கு 15. யாருக்குப் பயன், யாரும் விடுபடுகிறார்களா 10. மொத்தம் 100. சராசரி 60க்குக் கீழே இருந்தால் பரிந்துரை இல்லை. பேசிய பிறகு ஒரு தடவை மாற்றலாம், ஆனால் பழைய எண்ணும் புதிய எண்ணும் காரணமும் குறிப்பில் ஏற வேண்டும்.

| எண் | பக்கம், வேலை | தலைவர் | விவசாயி | கணக்காளர் | பேராசிரியர் | மகளிர் | சராசரி |
|---|---|---|---|---|---|---|---|
| 8 | பேரையூர், ஊருணி | 84 | 88 | 78 | 81 | 79 | 82 |
| 1 | மேலூர், ஊருணி | – | விலகல் | 82 | 74 | 80 | 78.5* |
| 2 | உசிலம்பட்டி, கண்மாய் மடை, கலுங்கு | 72 | 68 | 75 | 70 | 65 | 70 |
| 3 | அலங்காநல்லூர், வாய்க்கால் | 66 | 70 | 61 | 64 | 69 | 66 |
| 7 | கள்ளிக்குடி, சீமைக்கருவேலம் அகற்றல் | விலகல் | 71 | 48 | 63 | 66 | 62 |
| 5 | திருப்பரங்குன்றம், பள்ளி மழைநீர் | 58 | 62 | 55 | 60 | 60 | 59 |
| 9 | வாடிப்பட்டி, கரை நடைபாதை | 52 | 49 | 57 | 55 | 47 | 52 |

*எண் 1-க்குத் தலைவர் தாளில் 78 இருக்கிறது, அட்டவணை தட்டும்போது விடுபட்டுவிட்டது. நால்வர் சராசரிதான் 78.5. தாளைப் பார்த்து உறுதி செய்த பிறகே எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

பேசியது

எண் 8-ஐப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். கோடு போடாத தாள் நான்கு, பேனாவால் எழுதியது. விலைப்புள்ளி ஒன்றும் இல்லை என்பதால் கணக்காளர் அக்கா முதலில் 64 போட்டிருந்தார். ஆனால் கடைசித் தாளில் வரத்துக்கால் எத்தனை அடி, அதில் ஒரு நாளைக்கு ஓர் ஆள் எவ்வளவு வெட்ட முடியும், எத்தனை ஆள், கூலி எவ்வளவு என்று வரிசையாக இருந்ததை மகளிர் குழு உறுப்பினர் எடுத்துக் காட்டினார். அக்கா அங்கேயே கூட்டிப் பார்த்தார், ரூபாய் சுத்தமாக ஒத்துப்போனது. 64 என்பது 78 ஆனது. பழைய எண்ணையே வைத்திருந்தாலும் சராசரி 79.2 வந்து இதுவே முதலில் நின்றிருக்கும், அதனால் இந்த மாற்றத்தால் யாருடைய இடமும் பறிபோகவில்லை.

அந்தத் தாளில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஊருணியில் எந்த மாதம் எத்தனை படி தண்ணீர் நின்றது என்று மூன்று வருடக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தை பிறந்தால் சேறுதான். காரணமும் அவர்களே சொல்கிறார்கள், மழை குறைவல்ல, வரத்துக்கால் மேட்டிலேயே அடைபட்டுத் தண்ணீர் ரோட்டுப் பக்கம் போய்விடுகிறது என்று. குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கத் தனி இடம் என்று ஊர்க் கட்டுப்பாடும் எழுதியிருக்கிறது. ஊரின் எல்லாத் தெருவுக்கும் அந்தத் தண்ணீர் எடுக்க உரிமை உண்டா என்று பேராசிரியர் கேட்டார், கேட்கத்தான் வேண்டும். தீர்மானத்தில் எல்லாத் தெருக்காரர்களின் கையெழுத்தும் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டே முதல் தவணை விடுவோம்.

எண் 2 சிக்கலானது. உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருவதே வைகை அணை நன்றாக நிரம்பினால்தான், 71 அடி அணையில் 67 அடிக்கு மேல் நிற்க வேண்டும், ஆக வந்த தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைக்க ஊர் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மடைப் பலகை இற்றுப்போய் இரவெல்லாம் ஒழுகுகிறது, அதைச் சரி செய்யத்தான் வேண்டும். ஆனால் 75,000 ரூபாயில் கலுங்கை ஓர் அடி உயர்த்திக் கட்டவும் கேட்டிருக்கிறார்கள். தலைவர் இதற்குக் கடுமையாக மறுப்புச் சொன்னார். கலுங்கை உயர்த்தினால் மேலே இருக்கும் பட்டா நிலம் முழுகும், கரை அந்த எடைக்குக் கட்டியது இல்லை, மறுகால் தண்ணீரை நம்பி இருக்கும் அடுத்த கண்மாய்க்கு வருவது குறையும். ஓர் ஊருக்கு நாம் கொடுக்கும் பணம் இன்னோர் ஊரின் தண்ணீரை நிறுத்தக் கூடாது. விவசாய உறுப்பினரும் அதையே சொன்னார், அவர் ஊரில் இப்படி ஒரு கலுங்குத் தகராறு பத்து வருடம் ஓடியதாம். உயரம் கூட்டுவதற்குப் பதில் கரம்பை அள்ளி உள்ளே ஆழப்படுத்தலாம், அதற்கு வட்டாட்சியர் அனுமதி வாங்கினால் போதும், மண்ணை விவசாயிகளே வயலுக்கு எடுத்துக்கொள்வார்கள், நமக்குச் செலவும் இல்லை. இதைக் கடிதத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

எண் 1 பற்றி அதிகம் பேசவில்லை, தெளிவான விண்ணப்பம். தலைக்கட்டு வரி போட்டு ஏற்கெனவே 60,000 சேர்த்து வைத்திருக்கிறார்கள், மீன்பாசி ஏலப் பணத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கு என்று தீர்மானம் இருக்கிறது. அலங்கார வளைவுக்குக் கேட்ட 20,000 மட்டும் கழிக்கப்பட்டது.

எண் 3-இல் அவசரம் உண்டு. பெரியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் யாரும் உள்ளே இறங்க முடியாது. அதனால் 1,80,000, இரண்டு தவணை இல்லாமல் ஒரே தவணை. விளம்பரப் பலகை, திறப்பு விழா என்று போட்டிருந்த 30,000 கிடையாது.

எண் 7-க்குக் கணக்காளர் அக்கா 48 போட்டதற்குக் காரணம் எழுதித் தந்திருக்கிறார். சீமைக்கருவேல விறகுக்கு விலை உண்டு, கரி மூட்டத்துக்கும் போகும், ஆனால் வரவு பக்கம் ஒரு ரூபாய்கூடக் காட்டவில்லை. கண்மாய்க்குள் நிற்கும் மரம் அரசுடையது, ஏலம் போகாமல் வெட்ட முடியாது. அதோடு மேலே வெட்டிவிட்டு வேரை விட்டால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து துளிர்க்கும், பணம் வீண். ஆகவே முதல் கட்டமாக 1,25,000, அதுவும் ஏல உத்தரவு நகலும், வேரோடு பிடுங்குவதற்கான திட்டமும், வேறு இரண்டு இடத்திலிருந்து வண்டி வாடகை விலைப்புள்ளியும் வந்த பிறகுதான்.

எண் 5 ஒரு மதிப்பெண்ணில் தவறியது, வருத்தம்தான். பள்ளிக் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம், ஏற்கெனவே இருக்கும் தொட்டி ஏன் வேலை செய்யவில்லை என்று விண்ணப்பத்தில் ஒரு வரி இல்லை. அதை எழுதி அடுத்த சுற்றுக்கு அனுப்பட்டும், பேராசிரியர் நேரில் போய் உதவுவதாக ஏற்றுக்கொண்டார், அதனால் அடுத்த தடவை அவர் இதற்கு மதிப்பெண் போட மாட்டார். எண் 9-இல் நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் நல்லதுதான், ஆனால் தண்ணீருக்கான வேலை ஒன்றும் இல்லை.

பரிந்துரை

எண் 8-க்குக் கேட்ட 1,90,000 முழுவதும். எண் 1-க்கு 3,00,000. எண் 2-க்கு 3,75,000, கலுங்கு உயரத்தைத் தொடக் கூடாது, நீர்வளத்துறையின் மறுப்பின்மைக் கடிதம் வேண்டும். எண் 3-க்கு 1,80,000. எண் 7-க்கு மேலே சொன்ன நிபந்தனையோடு 1,25,000. ஆகமொத்தம் 11,70,000. மீதி 30,000 நேரில் போய் அளந்து பார்ப்பதற்கான பயணச் செலவு. எண் 7-இன் நிபந்தனை ஆகஸ்ட் 31க்குள் நிறைவேறாவிட்டால் அந்தத் தொகை அடுத்த சுற்றுக்குப் போகும்.

ஐவரும் ஒப்புதல், எண் 1-இல் விவசாய உறுப்பினரும் எண் 7-இல் தலைவரும் தவிர. கிடைக்காதவர்களுக்கும் தங்கள் மதிப்பெண்ணும் காரணமும் தமிழில் கடிதமாகப் போக வேண்டும் என்று மகளிர் குழு உறுப்பினர் கேட்டார், எல்லோரும் சரி என்றார்கள். ஜூன் 20க்குள் நான் அனுப்புகிறேன். பேரையூர் பக்கத்து ஊருணிக்குத் தலைவரும் கணக்காளர் அக்காவும் ஜூன் 22 ஞாயிறு காலை போகிறார்கள், டேப்பும் அந்த நான்கு தாளின் நகலும் கையில் இருக்கும்.