ஒழுங்கு நடவடிக்கை: உள்விசாரணை அறிவிப்பு

தோட்ட மேலாளர் அலுவலகம்
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்
5.3.2026

(நேரிலும் விரைவுத் தபாலிலும்)

பெறுநர்: கிடங்குப் பொறுப்பாளர், டோக்கன் எண் 47 (22.1.2026 முதல் தற்காலிகப் பணிநீக்கத்தில்)

ஐயா,

3.2.2026 அன்று உங்களுக்குத் தரப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு 12.2.2026 அன்று பதில் கொடுத்தீர்கள். அதில் மூன்று குற்றச்சாட்டுகளையும் மறுத்திருக்கிறீர்கள். மறுத்துவிட்டதால், இரு தரப்பையும் நேரில் கேட்காமல் முடிவெடுப்பது முறையல்ல. எனவே விசாரணை நடத்தப்படும்.

நாள்: 18.3.2026, புதன்கிழமை, காலை 10.30 மணி
இடம்: தோட்டத் தொழிலாளர் ஓய்வறைக் கட்டடம், புகைப்புரைக்கு எதிரே

மண்டைக்காடு கொடை முடிந்த பிறகு வைக்கும்படி நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதற்கேற்பவே நாள் குறிக்கப்பட்டுள்ளது. மேலாளர் அலுவலகத்தில் வைக்காததற்கும் காரணம் உண்டு: புகார் கொடுத்தவரே அங்குதான் உட்கார்ந்திருக்கிறார். விசாரணை அதிகாரி குழித்துறை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர். தோட்டத்தோடு அவருக்கு வேறு தொடர்பில்லை.

உங்கள் மீதான குற்றச்சாட்டுகளின் சுருக்கம்:

முதலாவது, 8.1.2026 அன்று புகைப்புரையிலிருந்து 62 ரப்பர் ஷீட்டுகள் கிடங்குக்கு வந்ததாகப் புகைப்புரைச் சீட்டில் உள்ளது. அதில் உங்கள் கையொப்பமும் இருக்கிறது. ஆனால் இருப்புப் பதிவேட்டில் அதே நாளுக்கு நேராக 54 என்று உள்ளது. முதலில் எழுதிய எண்ணை பிளேடால் சுரண்டிவிட்டு, வேறு மையில் 54 என எழுதியதுபோல் தெரிகிறது. அந்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. உங்கள் பதிலில் தராசு பழுது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஷீட்டுகளை எண்ணித்தான் ஏற்றினார்கள், நிறுக்கவில்லை என்பது புகைப்புரைப் பணியாளரின் வாக்குமூலம். இருந்தாலும் உங்கள் விளக்கத்தை ஒதுக்கிவிடவில்லை. தராசின் முத்திரைச் சான்றும் அன்று மேசையில் இருக்கும்.

இரண்டாவது, 20.1.2026 மாலை சுமார் 5.40 மணிக்கு 71 கிலோ ஒட்டுப்பால், இரண்டு சாக்குகளில், கேட் பாஸ் இல்லாமல் லோடு ஆட்டோவில் வெளியே போக நீங்கள் வாய்மொழியாக அனுமதித்தீர்கள் என்று காவலாளி எழுதிக் கொடுத்துள்ளார். ஆட்டோ ஓட்டுநரின் வாக்குமூலம் மலையாளத்தில் உள்ளது. அதன் தமிழாக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, மறுநாள் இருப்புக் கணக்கெடுப்புக்கு நீங்கள் வரவில்லை. சாவியும் உங்களிடமே இருந்ததால் காலை 11.30 வரை கிடங்கு பூட்டியே கிடந்தது.

இவை இன்னும் குற்றச்சாட்டுகள்தான். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்கு.

உங்களுக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம். அவர் இந்தத் தோட்டத்தில் வேலை பார்ப்பவராகவோ, நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் நிர்வாகியாகவோ இருக்கலாம். உங்களுக்காக அவர் பேசலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், இடையில் உங்களோடு தனியாகக் கலந்து பேசலாம். உங்களைக் கேட்கும் கேள்விக்கு மட்டும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். துணைக்கு வருபவர் தோட்டத் தொழிலாளி என்றால் அன்று அவர் வேலைக்கு வந்ததாகவே கணக்கு, கூலி பிடிக்கப்படாது. புகைப்புரைப் பணியாளரும் காவலாளியும் சாட்சிகள் என்பதால் அவர்களைத் துணையாக வைத்துக்கொள்ள முடியாது. வழக்கறிஞர் வேண்டாம், நிர்வாகத் தரப்பையும் வழக்கறிஞர் அல்ல, களக் கண்காணிப்பாளர்தான் எடுத்துரைப்பார். துணையாளின் பெயரை 16.3.2026 மாலை 4 மணிக்குள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பதிவேடு, சீட்டு, வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் 12, 13 தேதிகளில் காலை 10 முதல் 1 மணி வரை வந்து பார்க்கலாம், நகலும் கேட்கலாம். அப்புறம், உங்கள் தரப்புச் சாட்சிகளையும் விசாரணை நாளன்று கூட்டி வரலாம். விசாரணை தமிழில் நடக்கும். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே பக்கம் தோறும் கையொப்பம் வாங்கப்படும். அன்றன்றே உங்களுக்கு நகல் தரப்படும்.

உடல்நலக் குறைவு போன்ற சரியான காரணம் இருந்தால் 16ஆம் தேதிக்குள் எழுதிக் கேளுங்கள், வேறு நாள் தரப்படும். காரணம் சொல்லாமல் வராவிட்டால் விசாரணை ஒருதலையாக நடக்கும்.

தற்காலிகப் பணிநீக்கத்தின் முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 சதவீதம் பிழைப்பூதியமாக வழக்கம்போல் உங்கள் வங்கிக் கணக்கில் வரும். விசாரணைக்கு வருவதால் அது பாதிக்கப்படாது.

இதன் நகலில் கையொப்பமிட்டு, கிடைத்த தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

மேலாளர்

நகல்: விசாரணை அதிகாரி, களக் கண்காணிப்பாளர், பணியாளர் கோப்பு